உஷார்! “அந்தக் கடை லோகோ மாதிரியே போட்டுக் கொடுங்க”

லோகோ வரைந்து பிழைக்கிற எல்லோருக்கும் இந்தச் செய்தி ஒருமுறையாவது வந்திருக்கும். வராதவர்களுக்குச் சீக்கிரமே வரும். போட்டிக் கடையின் போர்டைச் செல்போனில் எடுத்த படம் ஒன்று இருக்கும். அதன் கீழே ஒரே வரி: “இதே மாதிரி வேணும், பேரையும் கலரையும் மட்டும் மாத்திருங்க.”

பழகிய வாடிக்கையாளர், அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். “சரிங்கண்ணா, பண்ணிடலாம்” என்று விரல் தானாகத் தட்டிவிடும். நிறுத்துங்கள்! அந்த இரண்டு வார்த்தைகள்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. மறுக்கத்தான் வேண்டும். மறுப்பையும் தாறுமாறாக எழுதினால் அதுவே வினையாகிவிடும். எனவே எழுத வேண்டிய மின்னஞ்சலை முழுதாகவே கீழே தந்திருக்கிறேன். அதற்கு முன் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

“தெரியாமல் செய்தேன்” என்று சொல்ல முடியாது

நம் தொழிலில் பலருடைய நினைப்பு இது: “கேட்டது கஸ்டமர், பிசினஸ் பண்றது அவர். கேஸ் வந்தால் அவருக்குத்தானே, வரைந்து கொடுத்த எனக்கென்ன?”

1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் ஏழாவது உட்பிரிவைப் படித்தால் இந்த நினைப்பு போய்விடும். லேபிளிலோ பேக்கிங்கிலோ விளம்பரத்திலோ மற்றவருடைய பதிவு பெற்ற சின்னத்தைப் பதிப்பவரும் அத்துமீறியவர்தான் என்கிறது அது. ஒரே நிபந்தனை, உரிமையாளர் அனுமதி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொள்ளக் காரணம் இருந்திருக்க வேண்டும். எதிர்க்கடையின் போர்டையே படமெடுத்து அனுப்பி “இதே மாதிரி” என்று கேட்டவருக்கு வேலை செய்துவிட்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்?

அதே சட்டத்தின் 103-ஆம் பிரிவு குற்றவியல் பக்கம் போகிறது. பொய்யான சின்னத்தைப் பொருளில் பதிப்பவரோடு, அதற்கான பிளாக், பிளேட் போன்றவற்றைத் தயாரிப்பவரையும் வைத்திருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. தண்டனை 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்கும் பொறுப்பு மாட்டிக்கொண்டவர் தலையில்தான். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கப்போவது என்ன? பழைய வாட்ஸ்அப் செய்திகளும், `opposite_shop_copy_final2.cdr` என்று நீங்களே பெயர் வைத்துச் சேமித்த கோரல் டிரா ஃபைலும்தான்.

சிவில் வழக்கிலும் இதே கதைதான். எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை வழங்கவும், ஆவணங்களைக் காட்டச் சொல்லவும், சாட்சியங்களைப் பத்திரப்படுத்தச் சொல்லவும் 135-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆவணம் என்றால் உங்கள் மின்னஞ்சலும் அதில் சேர்ந்ததுதான்.

“அவங்க இன்னும் ரிஜிஸ்டர் பண்ணலை” என்பதும் கவசம் ஆகாது. பதிவு இல்லாவிட்டாலும், தன் சரக்கை இன்னொருவர் சரக்குபோல் காட்டி விற்றார் என்று வழக்குப் போடும் உரிமையை 27-ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, லோகோ கலைப்படைப்பு என்ற வகையில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்குள்ளும் வருகிறது. அந்த உரிமை வரைந்த கணத்திலேயே பிறந்துவிடுகிறது, பதிவு அதற்குத் தேவையில்லை.

முப்பது சதவீதக் கட்டுக்கதை

“முப்பது பர்சன்ட் மாத்திட்டா காப்பி இல்லை” என்று டிடிபி சென்டர் முதல் பிரஸ் வரை சொல்லித் திரிகிறார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு சதவீதம் கிடையாது. இருபதும் இல்லை, ஐம்பதும் இல்லை.

நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பார்லே வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்லேயின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பண்ணைக் காட்சி இருந்தது. நடுவில் வாளி சுமக்கும் பெண், சுற்றி மாடுகளும் கோழிகளும். மைசூரைச் சேர்ந்த ஜே.பி. அண்ட் கோ ஓர் உறை போட்டது. அதிலும் பெண், மாடு, கோழி உண்டு. ஆனால் அந்தப் பெண் தலையில் வைக்கோல் கட்டு, கையில் அரிவாள். உறையில் அச்சிட்டிருந்த பெயரும் வேறு. நம்மூர்க் கணக்குப்படி முப்பது சதவீதத்துக்கு மேலேயே மாற்றியாயிற்று!

கீழ் நீதிமன்றமும் மைசூர் உயர் நீதிமன்றமும் வேறுபாடுகளைப் பார்த்து பார்லேயின் வழக்கை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணுவது முறையல்ல என்றது. அளவு, நிறம், மொத்தத் தோற்றம் இவற்றைப் பார்க்க வேண்டும். இன்று ஒன்றைப் பார்த்தவர் இன்னொரு நாள் மற்றதைப் பார்த்தால் அதுவே இது என்று எடுத்துவிடுவாரா என்பதுதான் கேள்வி.

கடைக்கு வருகிறவர் இரண்டு லோகோவையும் கையில் வைத்து ஒப்பிட்டா வாங்குகிறார்? மனதில் மங்கலாக நிற்கும் உருவத்தை வைத்துத்தான் எடுக்கிறார். அந்த மங்கலான உருவத்தைத்தான் உங்கள் கஸ்டமர் கேட்கிறார். எத்தனை இடத்தில் மாற்றினீர்கள் என்ற கணக்கு செல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

எது பொது, எது அவர்களுடையது?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துப் பார்ப்போம். காங்கேயத்தில் மூன்று தலைமுறையாக எண்ணெய் ஆட்டும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பிக்கிறார். அதே ஊரில் நன்றாக ஓடுகிற ஒரு மரச்செக்கு எண்ணெய்க்காரரின் லோகோவை அனுப்பி “இதே மாதிரி” என்கிறார். பச்சை வட்டம், அதற்குள் தலை தாழ்த்தி இடப்பக்கம் பார்க்கும் காங்கேயம் காளை, அதன் இரண்டு கொம்புகளும் மேலே வளைந்து நெருங்கி நடுவில் ஓர் எண்ணெய்த் துளியை உண்டாக்குகின்றன. பெயர் வட்டத்தின் அடியில் வில்லாக வளைகிறது.

காங்கேயத்தில் காளை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. செக்கு, எள், கடலை, தேங்காய், எண்ணெய்த் துளி எதுவும் தனிச்சொத்து இல்லை. அந்தத் தொழிலில் இருக்கும் எவரும் எடுத்தாளலாம். ஆனால் கொம்புகளுக்கு நடுவில் துளி பிறக்கும் அந்த வடிவம் ஒருவர் உட்கார்ந்து யோசித்தது. பச்சை வட்டம், தாழ்ந்த தலை, வளைந்த எழுத்து எல்லாம் சேர்ந்து நிற்கும் அமைப்பும் அப்படியே. காளையை வலப்பக்கம் திருப்பினாலும், பச்சையை நீலமாக்கினாலும் கொம்புக்குள் துளி இருக்கும்வரை அது அவர்கள் லோகோதான்.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் மறுத்தால் கஸ்டமர் சண்டைக்கு வருவார். “ஏனுங்க, காளை மாடு அவங்க அப்பன் வீட்டுதா?” என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். எனவே பதில் எழுதுமுன் ஒரு போன் போட்டு, அந்த லோகோவில் என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். “தூரத்துல இருந்தே தெரியுது, பாத்தா அந்தக் காலத்து எண்ணெய்ங்கற நம்பிக்கை வருது” என்பார். அவருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். கொம்பும் துளியும் இல்லாமலே இரண்டையும் தர முடியும்.

இதோ அந்த மின்னஞ்சல்

*பொருள்: லோகோ வேலை – மூன்று யோசனைகள்*

*அண்ணா, வணக்கம்.*

*நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது, பழைய முறையில் ஆட்டிய எண்ணெய் என்ற நம்பிக்கை வருகிறது என்று போனில் சொன்னீர்கள். உங்கள் லோகோவிலும் அந்த இரண்டும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.*

*ஆனால் அந்த லோகோவை மாதிரியாக வைத்து வரைந்து தர என்னால் இயலாது, அண்ணா. நிறத்தை மாற்றினாலும் காளையைத் திருப்பினாலும் பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வரும். உங்கள் எண்ணெய் பிடித்துப்போனவர் அடுத்த முறை அவர்கள் பாட்டிலை எடுத்துப் போவார். அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் லேபிள், பவுச், போர்டு எல்லாவற்றையும் நீங்கள் திரும்பச் செய்ய வேண்டிவரும். அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.*

*அதற்குப் பதிலாக மூன்று வழிகள் யோசித்திருக்கிறேன்.*

*ஒன்று: எழுத்தே லோகோ. உங்கள் தாத்தா காலத்து பில் புத்தகத்தில் கடைப் பெயர் தடித்த எழுத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அந்த எழுத்தின் பாணியிலேயே பெயரைப் புதிதாக வரைகிறேன். பக்கத்தில் படமே தேவைப்படாது. பழமை உங்கள் வீட்டுப் பழமையாகவே இருக்கும்.*

*இரண்டு: செக்கு உரலும் சாய்ந்த உலக்கையும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் அந்தச் சாய்வை நாலைந்து கோடுகளில் பிடிக்கலாம். காளை, வட்டம் இரண்டும் வராது. பாட்டில் மூடி அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாகத் தெரியும்.*

*மூன்று: நிறப் பட்டை. பாட்டிலைச் சுற்றி அகலமான ஒரு பட்டை, கடலை எண்ணெய்க்குச் செம்மண் நிறம், நல்லெண்ணெய்க்குக் கறுப்பு, தேங்காய் எண்ணெய்க்கு வெள்ளை. பச்சையைத் தொடவேண்டாம். அலமாரியில் மூன்றும் வரிசையாக நின்றால் தூரத்திலிருந்தே உங்கள் சரக்கு என்று தெரியும். முதல் இரண்டில் எதனோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.*

*மூன்றுக்கும் பென்சில் ஸ்கெட்ச் திங்கட்கிழமை அனுப்புகிறேன். இவை பேசிய தொகைக்குள்ளேயே அடங்கும். நீங்கள் தேர்ந்தெடுத்ததும், அதே போன்றது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று டிரேட்மார்க் பதிவக இணையதளத்தில் தேடி, கிடைத்ததைக் காட்டுகிறேன். விண்ணப்பம் போடுமுன் டிரேட்மார்க் அட்டர்னி ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.*

*ஒரே ஒரு வேண்டுகோள்: திருத்தங்கள் சொல்லும்போது அந்த லோகோவை ஒப்பிட்டுச் சொல்லாமல், உங்கள் கடைக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.*

*இவற்றில் எதுவும் சரிப்படாது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.*

*அன்புடன், …*

ஏன் இந்தச் சொற்கள்?

“இயலாது” என்பது ஒரே இடத்தில், ஐயமில்லாமல் வருகிறது. “பார்க்கலாம்”, “கொஞ்சம் கஷ்டம்” என்று இழுத்திருந்தால் அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். நாளைக்கு இந்த மின்னஞ்சலைப் படிக்கிற வக்கீலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

திருட்டு, குற்றம், மோசடி என்ற சொற்கள் எங்கும் இல்லை. பெரும்பாலான கஸ்டமர்கள் ஏமாற்றும் எண்ணத்தோடு கேட்பதில்லை. லோகோ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாமல், கண்ணில் பட்ட நல்லதைக் காட்டுகிறார்கள். குற்றவாளிபோல் பேசினால் அவர் அடுத்த தெருவில் இருக்கும் வேறு ஒருவரிடம் போய் அதையே வரைந்து வாங்கிவிடுவார். அதில் யாருக்கும் லாபமில்லை. சட்டப் பிரிவுகளையும் மின்னஞ்சலில் அடுக்க வேண்டாம். நீங்கள் வக்கீல் இல்லை. அவருக்கு உறைப்பது லேபிளும் பவுச்சும் வீணாகும் செலவுதான்.

அந்தச் செலவு சின்னதும் இல்லை. பவுச் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் செதுக்க வேண்டும். ஐந்து நிறம் என்றால் ஐந்து சிலிண்டர். லோகோ மாறினால் அது வரும் சிலிண்டர்களை மறுபடி செதுக்க வேண்டும், அச்சாகி வந்த ரோலும் குப்பைக்குத்தான் போகும். அத்துமீறிய லேபிள்களை அழிப்பதற்காக ஒப்படைக்கச் சொல்லவும் 135-ஆம் பிரிவில் இடம் உண்டு. 134-ஆம் பிரிவின்படி, வழக்குப் போடுபவர் தொழில் நடத்தும் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். எதிராளி வெளியூர் நிறுவனம் என்றால் அலைச்சல் உங்கள் கஸ்டமருக்குத்தான்.

இந்த வரிகளை மட்டும் எழுதிவிடாதீர்கள்!

“சாம்பிளுக்கு மட்டும் ஒண்ணு போட்டுக் காட்டறேன்.” வேண்டவே வேண்டாம். பார்த்து அப்படியே வரைவதே பதிப்புரிமைச் சட்டப்படி படியெடுத்தல் ஆகிவிடும். அதோடு, அனுப்பிய ஜேபெக் படத்தை அவர் நேராக ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிடுவார். வாட்டர்மார்க் போட்டிருந்தாலும் அதை அழிக்க ஆள் இருக்கிறது.

“நீங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுத்தா பண்றேன்.” இதைப் பாதுகாப்பு என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கடிதம் உங்களுக்கும் கஸ்டமருக்கும் இடையில் மட்டுமே. லோகோவின் உரிமையாளரை அது எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. அதைவிட மோசம், தவறு என்று தெரிந்துதான் எழுதி வாங்கினீர்கள் என்பதற்கு அதுவே கையெழுத்துப் போட்ட சாட்சி.

“யாருக்கும் தெரியாம கொஞ்சம் மாத்திடலாம்.” இதைப் பற்றி விளக்கமே தேவையில்லை.

இன்னொன்று, மறுத்தபின் பழைய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். கேட்டதும் மறுத்ததும் தேதியோடு சேர்ந்து இருந்தால்தான் உங்களுக்குப் பலம். போனில் பேசி முடித்தாலும் அன்றைக்கே மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

திருத்தம் என்ற பின்வாசல்

மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, அண்ணனும் இரண்டாவது யோசனையைத் தேர்ந்தெடுத்துவிட்டார், நிம்மதி என்று நினைக்காதீர்கள். மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் திருத்தம்: “உலக்கை நல்லாருக்கு, சுத்தி ஒரு வட்டம் போடுங்களேன்.” தப்பில்லை. இரண்டாவது: “கலர் டல்லா இருக்கு, பச்சை போட்டுப் பாருங்க.” சரி. மூன்றாவது: “செக்குன்னா மாடு வேணுமில்லைங்களா?” நியாயம்தானே. நான்காவது: “பேரை வட்டத்துக்குக் கீழ வளைச்சு விடுங்க.” ஒவ்வொன்றும் அப்பாவித் திருத்தம். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பச்சை வட்டத்துக்குள் காளை, அடியில் வளைந்த பெயர். முன்வாசலில் மறுத்தது பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது! பார்லே வழக்கின் அளவுகோல் மொத்தத் தோற்றம். கொம்புக்குள் துளி இல்லாவிட்டாலும் அந்த அளவுகோலில் இது தப்புவது கடினம்.

அதனால்தான் ஒப்பிட்டுத் திருத்தம் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோள் மின்னஞ்சலில் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தச் சுற்று முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். புதிய லோகோவை மூடி அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் அச்செடுங்கள். இந்த விவகாரமே தெரியாத, உள்ளூர்க் கடைகளில் எண்ணெய் வாங்கும் ஒருவரிடம் ஒரு நொடி காட்டி, எந்தக் கடை என்று கேளுங்கள். போட்டிக்காரர் பெயரைச் சொன்னால் அந்தத் திருத்தத்தை எடுத்துவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. ஆனால் சொல்லிவிட்டால் ஆபத்து உறுதி.

பதிவகத் தேடலையும் அரைகுறையாகச் செய்யாதீர்கள். ipindia.gov.in தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் இலவசம். பெயரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒலியை வைத்துத் தேடவும் அங்கே வசதி இருக்கிறது. படங்களைத் தேட வியன்னா குறியீடு என்று ஓர் எண் முறை இருக்கிறது. விலங்கு, செடி கொடி, பாத்திரம் என்று உருவங்களுக்கு எண் கொடுத்திருப்பார்கள். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. அதே தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தேய்க்க என்று விற்றால் 3-ஆம் வகுப்பு. இரண்டிலும் தேடுங்கள். பதிவு செய்யாமல் புழக்கத்தில் இருக்கும் சின்னங்கள் இந்தத் தேடலில் சிக்காது. அதற்கு ஊர் மளிகைக் கடை அலமாரிகளையும் ஒருமுறை பார்த்து வருவதுதான் வழி.

அப்படியும் அதுவே வேண்டும் என்றால்?

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அதுதான் வேணும்” என்று சிலர் நிற்பார்கள். வாதாடாதீர்கள். இரண்டே வரியில் இரண்டாவது மின்னஞ்சல் போதும்: அந்த வேலையைச் செய்ய இயலாது, அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், தேதி பதிவாகும். வரைந்த ஸ்கெட்ச்களின் ஓப்பன் ஃபைலைக் கொடுக்காதீர்கள். அதில் காளையை ஒட்டவைத்து அச்சுக்கு அனுப்பினால் ஃபைலில் இருப்பது உங்கள் வேலைப்பாடு.

லோகோ வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டதும் “பண்ணிடலாம் சார்” என்று போட்டிக்காரர் லோகோவை டிரேஸ் செய்து தருபவர், நாளைக்கு உங்கள் லோகோவையும் இன்னொருவருக்கு அதே வேகத்தில் டிரேஸ் செய்து தருவார். மறுத்து மின்னஞ்சல் அனுப்புகிற டிசைனர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் சொன்ன மூன்று யோசனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லேபிள் அச்சாகுமுன் உங்கள் பெயரில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். லோகோவின் பதிப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக டிசைனரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதும் அப்போதே முடிய வேண்டும். வெளியாள் வரைந்த லோகோவுக்குப் பணம் கொடுத்ததாலேயே அந்த உரிமை உங்கள் கைக்கு வந்துவிடாது.